அந்த 75 சதவீதம் யார் போட்டது?

கோவையில் ஏர் கம்ப்ரஸர் விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கை விளக்குவதற்காக நான் கற்பனை செய்த நிறுவனம்தான். ஆனால் தொழில் நிஜமானது. பல்லடம் பக்கத்து ஏர்ஜெட் தறிகள் அழுத்தக் காற்று இல்லாமல் ஓடாது. ஃபவுண்டரிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் அது வேண்டும். ஜூலை மாதம் பிறந்ததும் முதலாளிக்கு ஒரு கேள்வி எழும்: செப்டம்பர் முடிவதற்குள் எவ்வளவுக்கு ஆர்டர் வரும்? எத்தனை இயந்திரங்களை முன்பணம் கட்டி வாங்கி குடோனில் வைப்பது, வங்கியில் ஓ.டி. வரம்பை உயர்த்தக் கேட்பதா வேண்டாமா, இன்னொரு சர்வீஸ் ஆளை வேலைக்கு எடுக்கலாமா என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தது.

கையில் எட்டுப் பேச்சுகள் இருக்கின்றன. இரண்டில் விலைப் பேரம் நடக்கிறது: ஒரு தறி ஆலையின் 40 லட்ச ரூபாய் ஆர்டர், ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் 6 லட்ச ரூபாய் ஆர்டர். மூன்றுக்கு கொட்டேஷன் போயிருக்கிறது: 12 லட்சம், 8 லட்சம், 5 லட்சம். இரண்டு இடங்களில் எவ்வளவு காற்று தேவை என்று அளந்துகொண்டிருக்கிறார்கள்: 10 லட்சம், 4 லட்சம். ஒன்று இப்போதுதான் வந்த விசாரிப்பு: 15 லட்சம். எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக ஒரு கோடி. அந்த ஒரு கோடியும் அப்படியே வராது என்பது விற்பனையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைத்துப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல்.

வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவைக்கும் சி.ஆர்.எம். மென்பொருள்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்துக்கென்று ஒரு வெற்றி வாய்ப்புச் சதவீதம் இருக்கும். ஆர்டர் தொகையை அந்தச் சதவீதத்தால் பெருக்கி, எல்லாப் பேச்சுக்கும் வருவதைக் கூட்டினால் எதிர்பார்க்கக்கூடிய தொகை கிடைக்கும். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ நிறுவனத்தின் சி.ஆர்.எம்.மில் இந்தக் கட்டங்கள் தயாராகவே வருகின்றன. முதல் விசாரிப்பைத் தகுதி பார்க்கும் கட்டத்துக்கு 10 சதவீதம், தேவையை அறியும் கட்டத்துக்கு 20, கொட்டேஷனுக்கு 75, பேரத்துக்கு 90. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸிலும் கொட்டேஷனுக்கும் பேரத்துக்கும் இதே 75, 90தான்.

நம் எட்டுப் பேச்சுக்கும் இந்த எண்களைப் போட்டுப் பார்ப்போம். பேரத்தில் உள்ள 46 லட்சத்தில் 90 சதவீதம் என்றால் 41.4 லட்சம். கொட்டேஷனில் உள்ள 25 லட்சத்தில் முக்கால் பங்கு 18.75 லட்சம். தேவை அறியும் கட்டத்து 14 லட்சத்திலிருந்து 2.8 லட்சம், புது விசாரிப்பிலிருந்து 1.5 லட்சம். ஆக மொத்தம் 64.45 லட்சம். அறிக்கையில் இந்த எண் தசமப் புள்ளியோடு அச்சாகி வரும்போது, யாரோ ஆராய்ந்து கண்ட எண்ணைப் போலவே தோன்றும்.

அந்த 75ஐயும் 90ஐயும் நம் நிறுவனத்தில் யாரும் ஆராய்ந்து போடவில்லை. மென்பொருளை நிறுவும்போதே அவை உள்ளே இருந்தன. உலகத்தில் எந்த ஊரில் யார் எதை விற்றாலும் தொடங்குவதற்கு ஏதோ ஒரு எண் வேண்டும் என்று வைக்கப்பட்டவை அவை. மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஜோஹோவில் `Stage-Probability Mapping` என்ற இடத்தில் மாற்றலாம். அங்கே போய்ப் பார்க்காமலே ஆண்டுக்கணக்கில் அறிக்கை எடுப்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

90 சதவீதம் ஏன் பொருந்தாது என்பதை வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் உடனே விளங்கும். 40 லட்ச ரூபாய்க்கு இயந்திரம் வாங்கும் ஆலை ஒரே ஒருவரிடம் விலை கேட்காது. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, மூவரையும் கூப்பிட்டுப் பேரம் பேசும். அந்த மூன்று நிறுவனங்களும் தங்கள் மென்பொருளில் அதே ஆர்டரைப் பேரக் கட்டத்துக்கு நகர்த்தும். ஒவ்வொருவர் அறிக்கையிலும் 90 சதவீதம் ஏறும். மூன்றையும் கூட்டினால் 270 சதவீதம். கிடைக்கப்போவதோ ஒரே ஒரு பர்ச்சேஸ் ஆர்டர். மூவரில் இருவருக்கு அந்த எண் பொய்யாகப் போவது உறுதி.

அப்படியானால் சரியான எண் எங்கே கிடைக்கும்? நிறுவனத்தின் சொந்தப் பழைய கணக்கில்தான் கிடைக்கும். கடந்த இரண்டு ஆண்டுகளில் முடிவு தெரிந்துவிட்ட பேச்சுகளை மட்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் எட்டியவை எத்தனை, அவற்றில் கடைசியில் வென்றவை எத்தனை என்று எண்ண வேண்டும். நம் நிறுவனத்தில் முடிந்த பேச்சுகள் 200, வென்றவை 40 என்று வைத்துக்கொள்வோம். 200இல் தேவை அறியும் கட்டம் வரை வந்தவை 160. கொட்டேஷன் வரை வந்தவை 125. பேரம் வரை வந்தவை 64. வென்ற 40 பேச்சும் எல்லாக் கட்டங்களையும் கடந்து வந்தவை. எனவே முதல் கட்டத்தின் வெற்றி வாய்ப்பு 200இல் 40, அதாவது 20 சதவீதம். அடுத்தது 160இல் 40, 25 சதவீதம். கொட்டேஷன் 125இல் 40, 32 சதவீதம். பேரம் 64இல் 40, 62.5 சதவீதம்.

இந்த எண்களோடு அதே எட்டுப் பேச்சையும் கணக்கிட்டால் 64.45 லட்சம் இருந்த இடத்தில் 43.25 லட்சம் வருகிறது. எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கக் கட்டங்களை மென்பொருள் குறைத்து மதித்திருந்தது. கடைசிக் கட்டங்களை மிக அதிகமாக மதித்திருந்தது. பெரிய தொகை எப்போதும் கடைசிக் கட்டத்தில் குவிந்திருப்பதால், அங்கே நேரும் பிழைதான் மொத்தத்தை ஆட்டுகிறது.

சொல்லும்போது எளிதாக இருக்கும் இந்த எண்ணிக்கை, கோப்பைத் திறந்ததும் முட்டி நிற்கும். சி.ஆர்.எம்.மிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பில் ஒரு பேச்சுக்கு ஒரு வரி. அதில் `Stage` என்ற பத்தி இன்றைய நிலையை மட்டும் காட்டும். தோற்ற பேச்சுகள் எல்லாவற்றுக்கும் நேராக `Closed Lost` என்றே இருக்கும். அது விசாரிப்போடு நின்றதா, கொட்டேஷன் வரை போய்த் தோற்றதா, பேரத்தின் கடைசி நாளில் கைவிட்டுப் போனதா என்பது அந்த வரியில் இல்லை. முடிவைப் பதிந்தபோதே பழைய கட்டம் அழிந்துவிட்டது. எனவே சாதாரண எக்ஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு கட்டவாரியான வெற்றி வாய்ப்பைக் கணக்கிடவே முடியாது.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கட்டம் மாறிய வரலாற்றைத் தனியாக எடுப்பது. ஜோஹோவில் ஒவ்வொரு பேச்சின் கீழும் `Stage History` என்ற பட்டியல் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸில் இதற்கென்று தனி அறிக்கை வகை இருக்கிறது. இன்னொன்று, வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொண்டால் நல்லது, முழுக் கோப்பையும் இறக்கித் தேதி போட்டுச் சேமித்துவைப்பது. ஒரு பேச்சு தோற்றதும் முந்தைய வாரத்துக் கோப்பைத் திறந்தால் கடைசியாக எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். அந்தக் கோப்புகளால் வேறொரு பெரிய பயனும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கணக்குப் போடும் வேலை சிறியதுதான். முதலில் எக்செல்லில் `Stages` என்று தனித் தாளில் கட்டத்தின் பெயரையும் நம் சொந்தச் சதவீதத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். எக்ஸ்போர்ட்டில் தொகை C பத்தியிலும் கட்டம் D பத்தியிலும் இருந்தால், E பத்தியில் முதல் சூத்திரத்தைப் போட்டு ஒன்பதாம் வரி வரை இழுக்க வேண்டும். இரண்டாவது சூத்திரம் மொத்தத்தைத் தரும்.

```
=VLOOKUP(D2, Stages!$A$2:$B$5, 2, FALSE)
=SUMPRODUCT(C2:C9, E2:E9)
```

எக்ஸ்போர்ட்டிலேயே வரும் `Probability` பத்தியை எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்பனையாளர் கையால் மாற்றிய எண்கள் அதில் கலந்திருக்கலாம். கட்டத்தின் பெயரில் ஒரு எழுத்தோ இடைவெளியோ பிசகியிருந்தால் முதல் சூத்திரம் `#N/A` என்று காட்டிவிடும். கண்ணில் படும் பிழை என்பதால் அதனால் ஆபத்தில்லை. ஆபத்து தொகைப் பத்தியில் இருக்கிறது. "ரூ. 40,00,000" என்று எழுத்தோடு சேர்ந்து வந்த தொகையை எக்செல் எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கும். மேலே உள்ளபடி காற்புள்ளி போட்டு எழுதிய `SUMPRODUCT` அதைப் பூஜ்யம் என்று கொண்டு சத்தமில்லாமல் அடுத்ததற்குப் போய்விடும். 40 லட்சம் காணாமல் போயும் அறிக்கை ஒழுங்காகவே தோன்றும். கண்டுபிடிக்க எளிய வழி: எண்கள் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடது ஓரம் ஒட்டி நிற்கும். அதோடு, கோப்பின் மொத்தத் தொகையும் மென்பொருள் திரையில் காட்டும் மொத்தமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்த்து ஒருவரும் சேர்க்காமல் ஒருவரும் தொகையைப் பதிந்திருந்தால் எந்தச் சூத்திரமும் அதைக் காட்டிக்கொடுக்காது. அதை ஆட்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இப்போது சொந்த எண்களே வந்துவிட்டன. ஆனாலும் அவற்றிலும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. இந்த அறிக்கையில் மிகவும் கவனிக்கவேண்டிய இடம் இதுதான் என்பேன். வென்ற பேச்சை யாரும் பதியாமல் விடுவதில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் வந்தால் பில் போட வேண்டும், விற்பனையாளருக்கு இன்சென்டிவ் கிடைக்க வேண்டும், அன்றே பதிந்துவிடுவார்கள். தோல்வி அப்படி வருவதில்லை. வாடிக்கையாளர் "வேண்டாம்" என்று சொல்வதே அபூர்வம். "அடுத்த மாதம் பார்க்கலாம் சார்" என்பார், பிறகு போனை எடுக்கமாட்டார். விற்பனையாளருக்கும் அதைத் தோல்வி என்று பதிய மனம் வராது. பட்டியல் மெலிந்தால் மேலாளர் கேள்வி கேட்பார். அந்தப் பேச்சு கொட்டேஷன் கட்டத்திலேயே மாதக்கணக்கில் திறந்து கிடக்கும். வெற்றிகள் எல்லாம் கணக்கில் ஏறி, தோல்விகளில் ஒரு பகுதி ஏறாமல் போவதால், முடிந்தவற்றை மட்டும் வைத்துப் போட்ட வெற்றி வாய்ப்பு உண்மையைவிட உயரமாகவே நிற்கும்.

எத்தனை பேச்சுகள் இப்படிச் செத்துக் கிடக்கின்றன என்பதைத் தேதிகளே சொல்லிவிடும். வென்ற 40 பேச்சுகளும் தொடங்கிய நாளிலிருந்து முடிய எத்தனை நாள் எடுத்தன என்று பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது 130 நாளுக்குள் முடிந்திருக்கின்றன என்று கொள்வோம். இப்போது திறந்திருக்கும் பேச்சுகளில் அதைப்போல இரண்டு மடங்கு வயதாகியும், எதிர்பார்த்த முடிவுத் தேதி கடந்துபோயும், கடைசியாகப் பேசிப் பல மாதமாகியும் கிடப்பவை இனி வரப்போவதில்லை. நம் நிறுவனத்தில் அப்படிக் கொட்டேஷன் கட்டத்தில் 35 கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டு அவற்றைத் தோல்வியில் சேர்த்தால், கொட்டேஷனை எட்டியவை 125 என்பது 160 ஆகிறது. வென்றவை அதே 40. வெற்றி வாய்ப்பு 32இலிருந்து 25 சதவீதமாக இறங்குகிறது. அந்த 35உம் முந்தைய கட்டங்களையும் கடந்து வந்தவைதான் என்பதால், முதல் கட்டம் 17 சதவீதத்துக்கும் இரண்டாவது இருபதரைச் சதவீதத்துக்கும் குறைகின்றன. எட்டுப் பேச்சின் கூட்டுத்தொகை இப்போது 40.4 லட்சம் அளவில் நிற்கிறது. மென்பொருள் சொன்ன 64 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்துவிட்டது. வெளியே எந்த வாடிக்கையாளரும் எதையும் மாற்றவில்லை.

சரி, முதலாளி 40 லட்ச ரூபாய்க்குத் திட்டமிடலாமா? கூடாது. அந்த எண்ணுக்குள் தறி ஆலையின் ஒரே ஆர்டர் மட்டும் 25 லட்சம் இருக்கிறது. 40 லட்சத்தை 62.5 சதவீதத்தால் பெருக்கி வந்த 25 லட்சம் அது. ஆனால் அந்த ஆலை 25 லட்சத்துக்கு ஆர்டர் கொடுக்கப்போவதில்லை. ஒன்று முழு 40 லட்சமும் வரும், அல்லது எதுவும் வராது. மீதி ஏழு பேச்சிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது 15.4 லட்சம். ஆகவே இந்தக் காலாண்டில் நடக்கப்போவது ஏறக்குறைய 15 லட்சம் அல்லது ஏறக்குறைய 55 லட்சம். அறிக்கையில் உள்ள 40 லட்சம் நடக்க வாய்ப்பே குறைந்த ஒரு தொகை. அந்த அளவுக்கு இயந்திரம் வாங்கி நிறுத்தினால், ஆர்டர் வராதபோது பணம் குடோனில் முடங்கும். வந்தால் இயந்திரம் போதாது. சதவீதத்தால் பெருக்கும் முறை, ஏறத்தாழ ஒரே அளவுள்ள பல ஆர்டர்கள் இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். சில தோற்கும், சில வெல்லும், மொத்தம் சராசரியை ஒட்டி வரும். ஒரே ஆர்டர் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும் பட்டியலில் சராசரிக்கு அர்த்தம் போய்விடுகிறது.

அதனால் நல்ல அறிக்கை அந்தப் பெரிய ஆர்டரைச் சதவீதத்தால் பெருக்காமல் தனி வரியில் முழுத் தொகையோடு வைக்கும்: 40 லட்சம், யாரோடு போட்டி, ஆலையில் முடிவெடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள் தெரியும். மற்ற ஏழும் சேர்ந்த 15.4 லட்சம் இன்னொரு வரி. முதலாளி முன்பணம் கட்டிச் சரக்கு வாங்குவது இரண்டாவது வரியை நம்பி; வங்கியோடு பேசி ஏற்பாடு செய்துவைத்து, எடுக்காமல் காத்திருப்பது முதல் வரிக்காக. எந்தத் தொகைக்கு மேல் போனால் தனி வரி என்பதற்கு ஒரே விதி கிடையாது. ஒரு ஆர்டர் தனியாகவே கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அதைப் பிரித்துவிடுவேன்.

சொந்தச் சதவீதங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் எண்ணிக்கையைப் பொறுத்தது. 64 பேச்சிலிருந்து எடுத்த 62.5 சதவீதம் என்பது, தற்செயல் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய 50க்கும் 75க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அவ்வளவு அகலமான இடைவெளியிலும் 90 அடங்கவில்லை என்பதால் மென்பொருளின் எண்ணை ஒதுக்க அது போதும். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆர்டர் மட்டும் பார்க்கும் நிறுவனம் நான்கு கட்டங்களுக்கும் தனித்தனிச் சதவீதம் போட முயலக் கூடாது. கொட்டேஷனுக்கு முன், கொட்டேஷனுக்குப் பின் என்று இரண்டாகச் சேர்த்துக்கொண்டால் எண்கள் கொஞ்சம் நிலையாக நிற்கும்.

இன்னொரு கேள்வி மீதி இருக்கிறது. இந்தச் சதவீதங்கள் எல்லாம் "என்றைக்காவது வெல்லுமா" என்பதற்கான விடை. முதலாளி கேட்டதோ "செப்டம்பருக்குள் வருமா" என்று. எக்ஸ்போர்ட்டில் `Closing Date` பத்தியை வரிசைப்படுத்திப் பார்த்தால், பல பேச்சுகளுக்கு முடிவுத் தேதி செப்டம்பர் 30 என்றே இருக்கும். ஓரளவுக்கு அதில் நியாயமும் உண்டு: வருமான வரிக் கணக்கில், ஒரு நிதியாண்டில் புதிதாக வாங்கி 180 நாளுக்குக் குறைவாக ஓடிய இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். அதனால் அக்டோபர் தொடக்கத்துக்குள் இயந்திரத்தை ஓட்டிவிட நினைக்கும் ஆலைகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது விற்பனையாளர் காலாண்டின் கடைசி நாளை நிரப்பியதுதான். செப்டம்பர் முடிந்ததும் அந்தத் தேதி டிசம்பர் 31 ஆகும். எக்ஸ்போர்ட்டில் புதுத் தேதி மட்டும் இருக்கும். பழையது இருந்த தடமே தெரியாது.

திங்கட்கிழமைக் கோப்புகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. ஏப்ரல் முதல் வாரக் கோப்பைத் திறந்து, ஜூனுக்குள் முடியும் என்று தேதி போட்டிருந்தவை எவை என்று குறித்துக்கொள்ளலாம். ஜூலை முதல் வாரக் கோப்பில் அவை என்ன ஆயின என்று பார்க்கலாம்: வென்றவை, தோற்றவை, தேதி தள்ளிப்போனவை. நான்கு காலாண்டுகளுக்கு இப்படிச் செய்தால், காலாண்டின் தொடக்கத்தில் பேரத்தில் இருந்தவற்றில் எத்தனை பங்கு அதே காலாண்டுக்குள் பர்ச்சேஸ் ஆர்டராக மாறியது என்ற எண் கையில் வந்துவிடும். 62.5ஐவிட அது குறைவாகவே இருக்கும். காலாண்டு அறிக்கையில் பெருக்கவேண்டிய எண் அதுதான். தறி ஆலையின் 40 லட்சத்துக்கான முடிவுத் தேதி ஏற்கெனவே மார்ச் 31ஆகவும் ஜூன் 30ஆகவும் இருந்து இப்போது செப்டம்பர் 30க்கு வந்திருக்கிறது என்று பழைய கோப்புகள் காட்டினால், ஒரு சதவீதத்தைத் தேடி உட்கார்ந்திருக்க வேண்டாம். விற்பனையாளர் ஆலைக்கு நேரில் போய், இந்தக் கொள்முதலுக்கு நிர்வாகம் பணம் ஒதுக்கிவிட்டதா என்று பர்ச்சேஸ் மேனேஜரைக் கேட்டுவிட்டு வரலாம்.